ஆவரேஜ் பில் ஏன் குறைந்தது? அனலிஸ்ட் நேர்காணலில் டாஷ்போர்டைப் பேசிக் காட்டுவது எப்படி

டேட்டா அனலிஸ்ட் வேலைக்கான நேர்காணலில் கடைசிச் சுற்று பல இடங்களில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு எக்செல் ஃபைலைக் கொடுத்து, ஒரே பக்கத்தில் டாஷ்போர்டு செய்துகொண்டு வரச் சொல்வார்கள். பிறகு அதைத் திரையில் போட்டுப் பத்து நிமிடம் பேச வேண்டும். எதிரே இருப்பவர்களில் ஒருவர் தன்னை முதலாளியாகவும், ஒருவர் கணக்குப் பிரிவு ஆளாகவும், ஒருவர் கிளை மேனேஜராகவும் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். பவர் பிஐ தெரியுமா, எஸ்க்யூஎல் எழுத வருமா என்பதெல்லாம் முந்தைய சுற்றிலேயே முடிந்திருக்கும். இந்தச் சுற்றில் அவர்கள் பார்ப்பது, திரையில் இருக்கிற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரிகிறதா, அதைத் தொழில் நடத்துகிறவருக்குப் புரியும்படி சொல்ல வருகிறதா என்பதைத்தான்.

இதைப் பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்ப்போம். கடைகளும் எண்களும் பயிற்சிக்காக நான் வைத்தவை. நாட்காட்டி மட்டும் நிஜம்.

புதுச்சேரியில் ஒரு பேக்கரி. நேரு வீதியில் பெரிய கடை, வில்லியனூரில் ஒரு கடை. 2025 ஜூலை 12-ஆம் தேதி கடலூர் மஞ்சக்குப்பத்தில் மூன்றாவது கடையைத் திறக்கிறார்கள். நமக்குக் கொடுத்திருப்பது ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாத பில்லிங் டேட்டா. கேள்வி இதுதான்: "வியாபாரம் எப்படிப் போகிறது? ஆவரேஜ் பில் குறைகிறதே, கடலூர் கடை நம்மை இழுத்துவிடுகிறதா?"

| கடை | ஜூலை பில் | ஜூலை ஆவரேஜ் (₹) | ஆகஸ்ட் பில் | ஆகஸ்ட் ஆவரேஜ் (₹) |
|---|---|---|---|---|
| நேரு வீதி | 6,000 | 400 | 6,200 | 410 |
| வில்லியனூர் | 3,000 | 250 | 3,000 | 260 |
| மஞ்சக்குப்பம் | 1,000 | 150 | 2,800 | 160 |
| மொத்தம் | 10,000 | 330 | 12,000 | 314 |

விற்பனை ஜூலையில் 33,00,000 ரூபாய், ஆகஸ்டில் 37,70,000 ரூபாய். 14 சதவீதம் கூடியிருக்கிறது. ஆவரேஜ் பில் 330-லிருந்து 314 ஆகக் குறைந்திருக்கிறது. ஆனால் மூன்று கடையிலும் ஆவரேஜ் பத்து ரூபாய் கூடித்தான் இருக்கிறது. மூன்றும் கூடியிருக்கும்போது மொத்தம் எப்படிக் குறையும்? நேர்காணலுக்கு இந்த மாதிரி டேட்டாவை வேண்டுமென்றேதான் கொடுப்பார்கள். மொத்த எண்ணை மட்டும் கார்டில் போட்டு, பக்கத்தில் கீழ்நோக்கிய சிவப்பு அம்புக்குறி வைத்து வருகிறவர் இங்கேயே மாட்டிக்கொள்வார்.

சார்ட் போடும் முன் எண்ணைச் சரிபார்ப்பது

மேலே இருக்கிற அட்டவணை சுத்தமாக வந்துவிட்டது. உங்கள் கையில் கிடைக்கிற ஃபைல் அப்படி இருக்காது. ஒரு பில்லில் ஐந்து பொருள் வாங்கியிருந்தால் ஐந்து வரி இருக்கும். பவர் பிஐயில் `AVERAGE(Sales[Amount])` என்று போட்டால் வருவது ஒரு வரியின் சராசரித் தொகை, ஒரு பில்லின் சராசரி இல்லை. ஆவரேஜ் பில் வேண்டுமென்றால் மொத்தத் தொகையைப் பில் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

அந்தப் பில் எண்ணிக்கையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒவ்வொரு கடையின் மெஷினும் மாதா மாதம் 1-லிருந்து பில் நம்பர் போடுகிறது என்று வையுங்கள். நேரு வீதியில் 1 முதல் 6,000 வரை, வில்லியனூரில் 1 முதல் 3,000 வரை, மஞ்சக்குப்பத்தில் 1 முதல் 1,000 வரை. பில் நம்பரை மட்டும் வைத்து வேறுபட்டவை எத்தனை என்று எண்ணினால், ஜூலைக்கு 10,000 வராது, 6,000தான் வரும். சின்னக் கடைகளின் நம்பர்கள் எல்லாம் பெரிய கடையின் நம்பருக்குள் அடங்கிப் போய்விடும். கடைவாரியாகப் பார்க்கும்போது எண்ணிக்கை சரியாக இருக்கும், மொத்தத்தில் மட்டும் தப்பாகும். அதனால்தான் இது சட்டென்று கண்ணில் படாது.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. 33,00,000-ஐ 6,000-ஆல் வகுத்தால் மொத்த ஆவரேஜ் 550 என்று வரும். எந்தக் கடையிலும் ஆவரேஜ் 400-க்கு மேல் இல்லை. மொத்த ஆவரேஜ் எப்போதும் கடைகளின் மிகக் குறைந்த ஆவரேஜுக்கும் மிகக் கூடிய ஆவரேஜுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். வெளியே போனால் வகுக்கும் எண் தப்பு. கடை, மாதம், பில் நம்பர் மூன்றையும் சேர்த்து ஒரு அடையாளம் செய்துகொண்டால் இது சரியாகிவிடும்:

```
BillKey = Sales[ShopCode] & "-" & FORMAT(Sales[BillDate], "yyyymm") & "-" & Sales[BillNo]

Bills = DISTINCTCOUNT(Sales[BillKey])

Avg Bill = DIVIDE(SUM(Sales[Amount]), [Bills])
```

முதலாவது நெடுவரிசை, அடுத்த இரண்டும் மெஷர். இன்னொரு தப்பும் அடிக்கடி நடக்கும். கடைகளின் ஆவரேஜை எடுத்து அதற்கே ஆவரேஜ் போடுவார்கள். ஜூலைக்கு 400, 250, 150 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 267 வரும். சரியான எண் 330. 6,000 பில் போட்ட கடைக்கும் 1,000 பில் போட்ட கடைக்கும் ஒரே எடை கொடுத்ததால் வந்த வித்தியாசம் இது. இந்த 267 நடுவில்தான் இருக்கிறது என்பதால் மேலே சொன்ன சோதனையில் சிக்காது. மொத்த விற்பனையைப் பில் எண்ணிக்கையால் நேராக வகுத்து ஒரு முறை ஒத்துப் பார்ப்பதுதான் வழி.

நம்ம ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். நேரு வீதியும் வில்லியனூரும் புதுச்சேரி யூனியன் பிரதேசம், மஞ்சக்குப்பம் தமிழ்நாடு. ஜிஎஸ்டி பதிவு மாநிலவாரியானது, அதனால் ஒரே முதலாளியாக இருந்தாலும் இரண்டு ஜிஎஸ்டி எண் இருக்கும். புதுச்சேரியின் எண் 34 என்று தொடங்கும், தமிழ்நாட்டின் எண் 33 என்று தொடங்கும். இரண்டு பக்கமும் பில்லிங் அமைப்பு தனித்தனியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் தொகை வரியோடும், மறுபக்கம் வரி நீங்கலாகவும் பதிவாகியிருந்தால் கடைகளை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. கணக்குப் பிரிவு ஆளாக உட்கார்ந்திருப்பவர் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். டாஷ்போர்டின் அடியில் "தொகை வரி நீங்கலாக, ரத்தான பில்கள் நீக்கப்பட்டவை" என்று ஒரு வரி போட்டு வைத்தால் அவர் நிம்மதியாக மேலே பார்ப்பார்.

மூன்றும் கூடி, மொத்தம் குறைவது

இப்போது அந்தப் புதிருக்கு வருவோம். ஜூலையில் நூறு பில்லுக்குப் பத்து பில் மஞ்சக்குப்பத்தில் போட்டது. ஆகஸ்டில் நூற்றுக்கு இருபத்து மூன்று. 150, 160 ரூபாய் பில்கள் கூட்டத்தில் அதிகமாகச் சேர்ந்துவிட்டன. பழைய கடைகளில் யாரும் குறைவாக வாங்கவில்லை. சின்ன பில் போடுகிற கடை வளர்ந்ததால் மொத்த ஆவரேஜ் இறங்கியது.

இதை வாயால் சொன்னால் மட்டும் போதாது, பிரித்துக் காட்ட வேண்டும். ஆகஸ்டின் பில் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு, ஆவரேஜை மட்டும் ஜூலையில் இருந்ததுபோல வைத்துக் கணக்கிடுங்கள். 6,200 பில் 400 ரூபாய் வீதம், 3,000 பில் 250 வீதம், 2,800 பில் 150 வீதம். கூட்டினால் 36,50,000. 12,000-ஆல் வகுத்தால் 304. அதாவது கடைகளின் பங்கு மாறியதால் மட்டும் ஆவரேஜ் 330-லிருந்து 304-க்கு, 26 ரூபாய் இறங்கியது. அதன் மேல் ஒவ்வொரு கடையிலும் பில் பத்து ரூபாய் பெரிதானதால் 314-க்கு ஏறியது. 26 இறக்கம், 10 ஏற்றம், கடைசியில் 16 இறக்கம்.

புள்ளியியலில் சிம்சன் முரண் என்று இதற்குப் பெயர் உண்டு. நேர்காணலில் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. முதலாளியிடம் பேசுவது இப்படி இருந்தால் போதும்:

"ஆவரேஜ் பில் இறங்குதேம்மா, கடலூர் கடையைத் திறந்தது தப்போ?"

"இல்லை சார். மூணு கடையிலயும் பில் பத்து ரூபாய் கூடியிருக்கு. கடலூர்ல பில் சின்னது, ஆனா எண்ணிக்கை வேகமா ஏறுது. சின்ன பில் நிறைய சேர்ந்ததால மொத்த ஆவரேஜ் கீழே தெரியுது. கூடுதலா வந்த 4,70,000 ரூபாயில கிட்டத்தட்ட 3,00,000 அந்தக் கடையிலிருந்துதான் வந்திருக்கு."

"அப்போ லாபம்தானே?"

"விற்பனை கூடியிருக்கு சார். லாபம்னு சொல்ல இந்த ஃபைல் போதாது. வாடகை, சம்பளம், பொருள் செலவு இதுல இல்லை."

அந்தக் கடைசிப் பதிலில்தான் பலர் வழுக்குவார்கள். முதலாளி சந்தோஷமாகக் கேட்கும்போது "ஆமாம் சார்" என்று தலையாட்டத் தோன்றும். விற்பனை டேட்டாவை வைத்து லாபம் என்று சொல்லிவிட்டால், அடுத்த நிமிடம் கணக்குப் பிரிவு ஆள் "எந்த நெடுவரிசையிலிருந்து எடுத்தீங்க?" என்று கேட்பார். அதற்குப் பதில் இருக்காது.

இன்னொரு எண்ணும் இங்கே ஆசை காட்டும். மஞ்சக்குப்பத்தில் பில் 1,000-லிருந்து 2,800 ஆகியிருக்கிறது, 180 சதவீத வளர்ச்சி. பெரிய எழுத்தில் போடத் தோன்றும். ஆனால் அந்தக் கடை ஜூலையில் இருபது நாள்தான் திறந்திருந்தது. ஒரு நாளைக்கு என்று வகுத்துப் பார்த்தால் ஜூலையில் 50 பில், ஆகஸ்டில் 90 பில். நல்ல வளர்ச்சிதான், 80 சதவீதம். 180 இல்லை. புதிய கடையை எப்போதும் நாள் கணக்கில்தான் ஒப்பிட வேண்டும், அதிலும் திறந்த முதல் சில நாட்களின் கூட்டத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சதவீதத்தைப் பேசும்போது ஒரு கவனம். மஞ்சக்குப்பத்தின் பங்கு 10 சதவீதத்திலிருந்து 23 சதவீதமானதை "13 சதவீதம் கூடியது" என்று சொன்னால் குழப்பம் வரும். கேட்பவர் 10-இல் 13 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். "நூற்றில் பத்தாக இருந்தது, இப்போது இருபத்து மூன்று" என்று இரண்டு எண்ணையும் சொல்லிவிட்டால் தகராறே இல்லை.

எந்த சார்ட், எதற்கு

இந்தக் கதைக்கு மூன்று சார்ட் போதும். பக்கத்தை நிரப்ப வேண்டும் என்று எட்டு சார்ட் போடுகிறவர்கள், எட்டையும் விளக்க நேரமில்லாமல் திணறுவதை நேர்காணல்களில் பார்க்க முடியும்.

முதல் சார்ட், கூடுதலாக வந்த 4,70,000 எங்கிருந்து வந்தது என்பதற்கு. படுக்கை வாட்டில் மூன்று பார்: மஞ்சக்குப்பம் 2,98,000, நேரு வீதி 1,42,000, வில்லியனூர் 30,000. பெரியதிலிருந்து சின்னதுக்கு வரிசை. இங்கே பலரும் இரண்டு பை சார்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள், ஜூலைக்கு ஒன்று, ஆகஸ்டுக்கு ஒன்று. ஒரு துண்டையும் அடுத்த வட்டத்தில் இருக்கிற அதே துண்டையும் கண்ணால் ஒப்பிடுவது கஷ்டம். அதோடு இரண்டு வட்டமும் ஒரே அளவில் இருக்கும்போது மொத்தம் 33-லிருந்து 37.7 லட்சத்துக்குப் போனது மறைந்துபோகும். நீளத்தை ஒப்பிடுவது கண்ணுக்கு எளிது, அதனால்தான் பார்.

இரண்டாவது, ஆவரேஜ் பில்லுக்கு. இடது பக்கம் ஜூலை, வலது பக்கம் ஆகஸ்ட், ஒவ்வொரு கடைக்கும் ஒரு கோடு. மூன்று கோடும் லேசாக மேலே ஏறும். மொத்தத்துக்கு நான்காவது கோடு, அது மட்டும் கீழே இறங்கும். அந்த ஒரு கோட்டுக்கு அடர்த்தியான நிறம், மற்ற மூன்றுக்கும் சாம்பல். புதிர் முழுவதும் அந்தப் படத்திலேயே இருக்கிறது. பக்கத்தில் "மஞ்சக்குப்பத்தின் பங்கு: நூறு பில்லில் 10, இப்போது 23" என்று எழுதிவிட்டால் விடையும் அங்கேயே இருக்கும்.

இதே விஷயத்தை ஒரே சார்ட்டில் விற்பனைக்கு பார், ஆவரேஜுக்கு லைன், இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் இன்னொரு அளவு என்று போடுவது மிகவும் வழக்கம். வேண்டாம் என்பேன். வலப்பக்க அளவை 300-இல் தொடங்கி 340-இல் முடித்தால், 16 ரூபாய் இறக்கம் மலையிலிருந்து விழுவதுபோலத் தெரியும். 0-இல் தொடங்கினால் கோடு அசையவே அசையாது. எந்த அளவை வைத்தீர்கள் என்பதைப் பொறுத்துக் கதை மாறும்போது, அந்தச் சார்ட்டை நம்பி முதலாளி ஒரு முடிவும் எடுக்க முடியாது. பார் சார்ட்டுக்கு மட்டும் விதி கறாரானது: நீளம்தான் அங்கே அளவு, எனவே 0-இல்தான் தொடங்க வேண்டும். கோட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் எங்கே தொடங்குகிறது என்று வாயால் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

தலைப்பையும் கவனியுங்கள். "கடைவாரியான ஆவரேஜ் பில்" என்பது அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. "ஒவ்வொரு கடையிலும் பில் கூடியது, மொத்த ஆவரேஜ் மட்டும் குறைந்தது" என்றால் முதலாளி அதைப் படித்தபடியே படத்தைப் பார்ப்பார். நீங்கள் பேச வாயெடுக்கும் முன்பே பாதி புரிந்திருக்கும்.

நேரு வீதி உண்மையில் வளர்ந்ததா?

மூன்றாவது சார்ட்டுக்கு முன் ஒரு கேள்வி. இதைக் கேட்காமலே வருகிறவர்கள்தான் அதிகம், கேட்டுவிட்டு வருகிறவரை எனக்கு உடனே பிடித்துவிடும். நேரு வீதியில் பில் 6,000-லிருந்து 6,200 ஆகியிருக்கிறது, 3 சதவீதம் கூடுதல். பச்சை அம்புக்குறி போட்டுவிடலாமா?

புதுச்சேரியின் வியாபாரம் சனி, ஞாயிறை நம்பி ஓடுகிறது. சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக வருகிற கூட்டம், ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தை, கடற்கரைக்கு வருகிற குடும்பங்கள் எல்லாம் அந்த இரண்டு நாளில்தான். 2025 ஜூலையில் நான்கு சனி, நான்கு ஞாயிறு. ஆகஸ்டில் ஐந்து சனி, ஐந்து ஞாயிறு. அது போக ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. சுதந்திர தினம், ஸ்ரீ அரவிந்தரின் பிறந்த நாள், அந்த வருடம் ஆடி ஐந்தாம் வெள்ளியும் அன்றுதான். மறுநாள் 16-ஆம் தேதி புதுச்சேரியின் சட்டப்பூர்வ இணைப்பு நாள், அது சனியிலேயே சேர்ந்துவிட்டது. தொடர்ந்து மூன்று நாள் விடுமுறை. இரண்டு மாதத்துக்கும் 31 நாள்தான், ஆனால் ஜூலையில் 8 விடுமுறை நாள், ஆகஸ்டில் 11.

டேட்டாவைப் பிரித்தால் ஜூலையில் நேரு வீதிக்கு விடுமுறை நாளில் சராசரி 290 பில், வேலை நாளில் 160 பில். எட்டு நாள் 290, இருபத்து மூன்று நாள் 160, கூட்டினால் 6,000, ஒத்துப்போகிறது. இதே வேகத்தில் ஆகஸ்ட் ஓடியிருந்தால் பதினொரு நாள் 290, இருபது நாள் 160, மொத்தம் 6,390 பில் வந்திருக்க வேண்டும். வந்தது 6,200. நாட்காட்டியே 390 பில்லைக் கூட்டிக் கொடுத்திருக்க, கடை 200தான் கூடுதலாகப் போட்டிருக்கிறது. 190 பில் எங்கோ குறைந்திருக்கிறது.

எங்கே என்றும் தெரிகிறது. ஆகஸ்டிலும் விடுமுறை நாளில் சராசரி 290தான். மீதி 3,010 பில்லை இருபது வேலை நாளுக்கு வகுத்தால் 150. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நாளைக்குப் பத்து பில் போல நழுவியிருக்கிறது. மாத மொத்தத்தில் இது தெரியவே தெரியாது, மூன்று நாள் கூடுதல் விடுமுறை அதை மூடிவிட்டது.

ஆகவே மூன்றாவது சார்ட் நேரு வீதிக்கு மட்டும். இரண்டு ஜோடி பார்: விடுமுறை நாள் 290, 290. வேலை நாள் 160, 150. தலைப்பு: "நேரு வீதியில் வேலை நாள் பில் குறைந்திருக்கிறது." முதலில் நாள்வாரியாக 62 புள்ளி உள்ள ஒரு லைன் சார்ட் போட்டு நீங்களே பாருங்கள், வாரா வாரம் ஏறி இறங்கும் அலை தெரியும், ஏதாவது ஒரு நாள் கடை மூடியிருந்தால் அதுவும் தெரியும். ஆனால் முதலாளிக்குக் காட்ட அந்த அலை வேண்டாம். அதில் 160-க்கும் 150-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது.

இங்கே ஒரு நல்ல குறுக்குக் கேள்வி வரலாம். ஆகஸ்ட் 27 புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி. அதை ஏன் விடுமுறையில் சேர்க்கவில்லை? நான் சேர்க்காததற்குக் காரணம், அன்று வீட்டில் பண்டிகை, ஊர் சுற்ற வருகிற கூட்டம் வாரக் கடைசி போல இருக்காது என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள் சேர்த்தும் கணக்கிடலாம். சேர்த்தால் பன்னிரண்டு விடுமுறை நாள், எதிர்பார்ப்பு 6,520, இடைவெளி 320 ஆகப் பெரிதாகும். எப்படி வைத்தாலும் நேரு வீதி எதிர்பார்த்ததற்குக் கீழேதான். "இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன், முடிவு மாறவில்லை" என்று சொல்கிறவருடைய எண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விடுமுறை நாள் என்று எதை எடுத்தீர்கள் என்பதை டாஷ்போர்டிலேயே எழுதிவிடுங்கள்.

வார்த்தையிலும் கறாராக இருங்கள். "வாடிக்கையாளர் குறைந்துவிட்டார்கள்" என்று சொல்லாதீர்கள். கையில் இருப்பது பில். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு பில், ஒரே ஆள் காலையும் மாலையும் வந்தால் இரண்டு பில். பில் குறைந்தது என்பது உண்மை, ஆள் குறைந்தார்கள் என்பது ஊகம்.

பத்து நிமிடத்தை எப்படிப் பேசுவது

டாஷ்போர்டைத் திரையில் போட்டதும் "இடது மேல் மூலையில் ஃபில்டர் இருக்கிறது, அதற்குக் கீழே கார்டு இருக்கிறது" என்று சுற்றிக் காட்ட ஆரம்பிப்பது பழக்கதோஷம். அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதிலை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். "விற்பனை 4,70,000 கூடியிருக்கிறது. ஆவரேஜ் குறைந்ததற்குக் கடலூர் கடையின் வளர்ச்சிதான் காரணம், கவலைப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது நேரு வீதியின் வேலை நாள் வியாபாரம்." இதற்கு அரை நிமிடம் போதும். பிறகு அந்த மூன்று வாக்கியத்துக்கும் வரிசையாக மூன்று சார்ட். அவர்கள் நடுவில் நிறுத்திக் கேட்டாலும் முக்கியமானது முதலிலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஒவ்வொரு எண்ணையும் சொல்லும்போது அது எதோடு ஒப்பிட்டது, எதால் வகுத்தது என்பதைச் சேர்த்தே சொல்லப் பழகுங்கள். "150 பில்" என்று விட்டால் ஒன்றும் புரியாது. "வேலை நாளில் ஒரு நாளைக்கு 150 பில், ஜூலையில் 160 இருந்தது" என்றால் கிளை மேனேஜருக்கு உடனே தன் கடை கண்முன் வரும். கணக்குப் பிரிவுக்கு அதையே ரூபாயில் மாற்றலாம்: 190 பில், ஒன்று 410 ரூபாய் என்று வைத்தால் மாதத்துக்குச் சுமார் 78,000. வேலை நாள் பில்லின் ஆவரேஜ் தனியாக இருந்தால் அதைப் பயன்படுத்துவதுதான் சரி. இல்லாத பட்சத்தில் "சுமார்" என்ற சொல்லை விழுங்காதீர்கள்.

கடைசியில் "ஏன் குறைஞ்சது?" என்று கட்டாயம் கேட்பார்கள். மழை, பக்கத்தில் வந்த புதுக் கடை, பார்க்கிங் தொல்லை என்று உள்ளூர்க்காரருக்கு ஆயிரம் காரணம் வாயில் வரும். இரண்டு மாத பில் ஃபைலில் அது எதற்கும் சாட்சி இல்லை. அதற்குப் பதிலாக அடுத்து எதைப் பார்ப்பீர்கள் என்று சொல்லலாம்: "காரணம் இதில் தெரியவில்லை சார். பில் போட்ட நேரம் கிடைத்தால், அந்தப் பத்து பில் காலையில் போனதா, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனதா என்று பார்க்கலாம். போன வருட ஆகஸ்ட் டேட்டாவும் வேண்டும், வேலை நாள் வியாபாரம் ஆகஸ்டில் வழக்கமாகவே இறங்குமா என்று அதில்தான் தெரியும்."

கிளை மேனேஜராக உட்கார்ந்திருப்பவர் அங்கே நிமிர்ந்து, "சாயங்காலம்னா என் ஆளைக் கூட்டணுமா, குறைக்கணுமா?" என்று கேட்டால், நேரவாரி டேட்டா வரும் வரை இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு மாதத்தில் இருபது வேலை நாளில் வந்த பத்து பில் வித்தியாசத்தை வைத்து ஆள் மாற்றம் செய்வது அவசரம். செப்டம்பரின் முதல் இரண்டு வார வேலை நாட்களிலும் 150-க்குப் பக்கத்திலேயே நின்றால், அப்போது அந்த நேரவாரிச் சார்ட்டோடு அவர் கடையில் உட்கார்ந்து பேசலாம்.